ட்ரில் மெஷின் இரவல் கேட்ட முப்பது விநாடிகள்

சனவரி மாதத்தில் ஓர் இரவு பத்தரை மணி இருக்கும். நுளம்பு வலையைக் கட்டிவிட்டுப் படுக்கப் போன நேரத்தில் கைபேசி ஒலித்தது. சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனிக்குப் போன என் மாணவி. அவளுக்கு அப்போது மாலை ஆறு மணி. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். "டீச்சர், ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள். மூன்று நாளாகப் பதில் இல்லை. நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது" என்றாள்.

நான் கோண்டாவிலில் என் வீட்டு விறாந்தையில் ஜெர்மன் மொழி வகுப்பு நடத்துகிறேன். பதினொரு வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் முடித்து, கணவனிடம் போவதற்காகக் காத்திருக்கும் பெண்கள். 2007ஆம் ஆண்டிலிருந்து, துணைவரோடு சேர்ந்து வாழ விசா கேட்பவர்கள் பொதுவாக முதற்படி ஜெர்மன் தேறியிருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆகவே இவர்கள் இங்கே படித்து, கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வருவார்கள். இந்த மாணவி நல்ல புள்ளியோடு தேறியவள். அவளை வாணி என்று அழைக்கிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வாணியும் கணவனும் ஒரு மாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். சமையலறையில் ஒரு தட்டு மாட்ட வேண்டும். சுவர் கொங்கிறீட். ட்ரில் மெஷின் இல்லை. ஒரு தட்டுக்காக மெஷின் வாங்குவது வீண் செலவு. மேல்மாடியில் இருக்கும் அம்மையார், அவரை ஷ்மிட் என்று வைத்துக்கொள்வோம், குடிவந்த அன்று படிக்கட்டில் கண்டு தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, "ஏதும் தேவை என்றால் சொல்லுங்கள்" என்றிருந்தார். இவள் நேரில் போகக் கூச்சப்பட்டு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினாள்.

அந்தச் செய்தி 2 நிமிடம் 46 விநாடி. நான் இரண்டு முறை கேட்டேன். இலக்கணப் பிழை மிகக் குறைவு. அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்? என் பெயர் வாணி. எனக்கு இருபத்தேழு வயது. நான் இலங்கையிலிருந்து வருகிறேன். இப்போது இந்த ஊரில் வசிக்கிறேன். நான் தமிழும் ஆங்கிலமும் கொஞ்சம் ஜெர்மனும் பேசுவேன். என் பொழுதுபோக்கு சமையல். மன்னிக்கவும், உங்களைத் தொந்தரவு செய்கிறேன். நீங்கள் வேலையாக இருப்பீர்கள், மன்னிக்கவும்..." இப்படியே போய், சமையலறை, தட்டு, கணவனுடைய வேலை நேரம் எல்லாம் சொல்லி முடித்து, 2 நிமிடம் 10 விநாடியில்தான் விஷயம் வருகிறது: "உங்கள் ட்ரில் மெஷினைத் தாருங்கள்." அதன் பிறகு மறுபடியும் இரண்டு மன்னிப்பு.

கேட்டு முடித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. அவள் சொன்ன தொடக்கம் முழுவதும் நான் கற்றுக்கொடுத்தது. முதற்படிப் பரீட்சையின் பேச்சுப் பகுதி மூன்று பாகமாக நடக்கும். முதல் பாகத்தில் பெயர், வயது, நாடு, ஊர், மொழி, தொழில், பொழுதுபோக்கு என்று ஒழுங்காகத் தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். மூன்றாம் பாகத்தில் படம் போட்ட அட்டை ஒன்றை எடுத்து, அந்தப் பொருளைப் பற்றி ஒரு வேண்டுகோள் சொல்ல வேண்டும். அங்கே ஒரு குவளையின் படம் வந்தால், "தயவுசெய்து குவளையைத் தாருங்கள்" என்றால் போதும். வாணி அந்த முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு மனிதருக்கு அனுப்பிவிட்டாள். பரீட்சை அறையில் அது சரி. பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியில் அது வேறு பொருள் தருகிறது.

முதலில் அவளிடம் ஒன்று பார்க்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிய குரல் செய்தியில் ஒரு சிறு ஒலிவாங்கிப் படம் இருக்கும். எதிரில் இருப்பவர் அதை ஓடவிட்டுக் கேட்டால்தான் அந்தப் படம் நீலமாக மாறும். இரண்டு சரிக்குறிகள் நீலமாகி, ஒலிவாங்கி நீலமாகாமல் இருந்தால், அவர் அரட்டையைத் திறந்து பார்த்தார், ஆனால் கேட்கவில்லை என்று பொருள். வாணியின் திரையில் அப்படித்தான் இருந்தது. ஷ்மிட் அம்மையார் கோபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கிட்டத்தட்ட மூன்று நிமிடச் செய்தி என்று கண்டு, ஓய்வாகக் கேட்போம் என்று வைத்திருப்பார், பிறகு மறந்திருப்பார். ஒலிவாங்கி நீலமாகியும் பதில் வராமல் இருந்திருந்தால், அவருக்கு விளங்கவில்லை அல்லது எப்படி மறுப்பது என்று தெரியவில்லை என்று நினைத்திருப்பேன். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. இங்கே பிழை நீளத்தில்.

நம்மூரில் ஏன் இந்த நீளம் மரியாதையாக இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்காமல் அவளைத் திருத்த என்னால் முடியவில்லை. என் அம்மா பக்கத்து வளவில் அலவாங்கு இரவல் கேட்கப் போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். படலையடியில் நின்று முதலில் "என்ன சமையல்?" என்பார். பிறகு மாமியின் முழங்கால் நோவு, கிணற்றில் தண்ணீர் மட்டம், பெரிய பெண்ணின் பேறுகாலம். திரும்பி நடக்கத் தொடங்கும்போதுதான், நினைவு வந்தவர் போல, "உங்கள் அலவாங்கு சும்மா கிடக்கிறதோ?" என்பார். பல நாட்களில் அந்தக் கேள்வியே தேவைப்படாது. அம்மா படலையில் நிற்கும் நிலையைப் பார்த்தே அவர்கள் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த நீண்ட பேச்சு வீண் பேச்சு அன்று. பொருளுக்காக மட்டும் வரவில்லை, உன் வீட்டுக் காரியமும் எனக்குத் தெரியும் என்று காட்டும் முறை அது.

ஆனால் அந்தப் பேச்சில் எதிரில் இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய முகத்தைப் பார்த்து அம்மா பேச்சைக் கூட்டுவார், குறைப்பார். குரல் செய்தியில் எதிர்ப்பேச்சு இல்லை. புதிதாகக் கண்ட ஒருவர், மொழியும் வேறு, தொடர்ச்சியாக மூன்று நிமிடம் கேட்க வேண்டியிருக்கிறது. முடிவில் என்ன வரப்போகிறது என்று தெரியாத பதற்றத்தோடு. அடுக்கடுக்காக வரும் மன்னிப்பு அந்தப் பதற்றத்தைக் கூட்டும். இவ்வளவு மன்னிப்புக் கேட்கிறாள், தண்ணீர்க் குழாய் உடைந்து என் வீட்டிலிருந்து கீழே ஒழுகுகிறதோ, ஏதும் பெரிய சிக்கலோ என்று ஒரு ஜெர்மன் காது நினைக்கும். ஒரு சின்ன உதவிக்கு அங்கே மன்னிப்புத் தேவையில்லை. முடிவில் ஒரு நன்றி போதும்.

அன்று இரவே புதிதாக ஒரு செய்தி செய்வோம் என்றேன். தாளும் பேனையும் எடுத்துக்கொண்டாள். முதலில் தீர்த்துக்கொண்டது அந்தக் "தாருங்கள்" என்ற சொல்லை.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. "தா" என்றால் உத்தரவு. "தாருங்கள்" என்றால் பணிவு. அந்த "ங்கள்" வந்ததும் நம் மனம் நிறைந்துவிடுகிறது. ஆகவே நம் பிள்ளைகள் அதை அப்படியே ஜெர்மனுக்குக் கொண்டுபோய், "கேபன் ஸீ மியர்" என்கிறார்கள். "ஸீ" என்பது "நீங்கள்"தான், மரியாதைச் சொல்தான். ஆனால் வினை ஏவலாகவே நிற்கிறது. "பிட்டெ" என்ற தயவுச் சொல்லைச் சேர்த்தாலும், கடைக் கவுண்டரில் நிற்பவரிடம் கேட்பது போலத்தான் கேட்கும். பரீட்சையில் புள்ளி கிடைக்கும். பழக்கமில்லாத அயலவரிடம் விலை கூடிய ஒரு பொருளைக் கேட்கும்போது அது போதாது.

இதற்கு மருந்து யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே இருக்கிறது. நாம் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது "தாருங்கள்" என்று நிறுத்துவதில்லை, "தருவீர்களோ?" என்று கேள்வியாக்குகிறோம். இன்னும் தயங்கினால் "தரக்கூடியதாக இருக்குமோ?" என்போம். அந்த ஓகாரத்தில்தான் எதிரில் இருப்பவருக்கு "இல்லை" என்று சொல்லும் வழி திறக்கிறது. ஜெர்மனில் அதே வேலையைச் செய்யும் சொல் "கொன்டன் ஸீ". அது "உங்களால் முடிகிறதா" என்று நேராகக் கேட்காமல், "முடியுமாக இருந்தால்" என்று ஒரு படி தள்ளி நின்று கேட்கும் வினை வடிவம். அதனோடு "ஃபிலைஹ்ட்", அதாவது "ஒருவேளை", என்று சேர்த்தால் இன்னும் மென்மையாகும். வாணியிடம் சொன்னேன்: "ஜெர்மனில் கேட்கும் முன், மனதில் தமிழில் 'தருவீர்களோ' என்று கேள். அதிலிருந்து மொழிமாற்று. 'தாருங்கள்' என்பதிலிருந்து போகாதே." இப்போது எல்லா வகுப்பிலும் இதைத்தான் சொல்கிறேன், இலக்கணப் பெயரே சொல்லாமல்.

"வேண்டும்" என்ற சொல்லிலும் இதே பொறி உண்டு. நமக்கு அது தேவையையும் குறிக்கும், ஆசையையும் குறிக்கும். ஜெர்மனில் "இஹ் வில்" என்றால் "எனக்கு வேண்டும், அவ்வளவுதான்" என்று பிடிவாதமாக ஒலிக்கும். செய்ய விரும்புவதைச் சொல்ல "மொஹ்டெ", தேவையைச் சொல்ல "பிராவுஹெ". இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பிறகு இரவல் என்ற சொல். தமிழில் "இரவல் வாங்கு", "இரவல் கொடு" என்று துணைவினையால் திசை தெரிகிறது. ஜெர்மனில் "லையன்" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். யார் எழுவாய், யாருக்கு என்பதில்தான் திசை இருக்கிறது. "மியர்", அதாவது "எனக்கு", என்ற சொல் விழுந்துவிட்டால் வாக்கியம் நொண்டும். வாணி பயிற்சியில் மூன்று முறை அதை விட்டுவிட்டாள். "கொன்டன் ஸீ மியர்" என்பதை ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகச் செய்தேன்.

இப்படி வாக்கியம் வாக்கியமாகக் கட்டி முடித்தபோது செய்தி இவ்வாறு இருந்தது. தமிழ் எழுத்தில் ஒலி கிட்டத்தட்டத்தான் வரும்.

"ஹலோ ஃபிராவ் ஷ்மிட். ஹியர் இஸ்ட் வாணி சிவகுமார், ஈரெ நொயெ நாஹ்பாரின் அவுஸ் டேம் ட்ஸ்வைட்டன் ஷ்டொக். கொன்டன் ஸீ மியர் ஃபிலைஹ்ட் ஐனெ போர்மஷீனெ லையன்? விர் மொஹ்டன் ஐன் ரெகால் அவுஃப்ஹெங்கன். டீ வாண்ட் இஸ்ட் அவுஸ் பெடோன். விர் பிராவுஹன் ஸீ நூர் அம் ஸம்ஸ்டாக், ஐனெ ஷ்டுண்டெ. உம் ஸீப்ட்ஸேன் ஊர் பிரிங்கெ இஹ் ஸீ ட்ஸுரூக். வென் எஸ் நிஹ்ட் கேட், கைன் புரோப்லேம். ஃபீலன் டாங்க்!"

பொருள் இது: "வணக்கம் திருமதி ஷ்மிட். நான் வாணி சிவகுமார், இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்த அயலவள். எனக்கு ஒரு ட்ரில் மெஷின் இரவல் தரக்கூடியதாக இருக்குமோ? நாங்கள் ஒரு தட்டு மாட்ட விரும்புகிறோம். சுவர் கொங்கிறீட். சனிக்கிழமை மட்டும், ஒரு மணி நேரம் தேவை. மாலை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன். முடியாவிட்டால் பரவாயில்லை. மிக்க நன்றி!"

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பெயரோடு "சிவகுமார்" என்று சேர்த்தது, கீழே அழைப்புமணிப் பலகையில் அந்தப் பெயர்தான் ஒட்டியிருந்தது என்பதால். நம் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரை மட்டும் சொல்வார்கள். அங்கே அயலவர் அறிந்தது மணிப் பலகையில் இருக்கும் பெயரை. வயதும் நாடும் பொழுதுபோக்கும் போய், "இரண்டாம் மாடி" மட்டும் நின்றது. கேள்வி மூன்றாவது வாக்கியத்தில், ஏறக்குறைய பத்தாவது விநாடியில் வந்துவிடுகிறது. காரணம் அதன் பிறகு வருகிறது. நமக்குக் காரணத்தை முதலில் சொல்லித்தான் பழக்கம். ஆனால் கேள்வி தெரிந்த பிறகு கேட்கும் காரணம் காதில் இலகுவாக ஏறும்.

"ஐனெ போர்மஷீனெ", அதாவது "ஒரு ட்ரில் மெஷின்" என்று கேட்டதையும் கவனிக்க வேண்டும். முதல் செய்தியில் "உங்கள் ட்ரில் மெஷின்" என்றிருந்தாள். அவரிடம் இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? "ஒரு" என்றால், இல்லாதவர் "என்னிடம் இல்லையே" என்று சங்கடமில்லாமல் சொல்லிவிடலாம்.

சுவர் கொங்கிறீட் என்று சொன்னதற்குக் காரணம் கருவி. பல வீடுகளில் இருப்பது திருகாணி முடுக்கும் பற்றரி மெஷின். மரத்துக்கும் மெல்லிய பலகைச் சுவருக்கும் அது போதும். கொங்கிறீட்டில் நுனி வழுக்கிச் சூடேறும், துளை விழாது. அடித்துத் துளைக்கும் வகை வேண்டும். சுவர் எதனால் ஆனது என்று ஒரு வாக்கியம் சொன்னால், கருவியின் பெயர்களெல்லாம் தெரியாமலே சரியானது வந்துசேரும்.

பொருளின் பாலையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ட்ரில் மெஷின் ஜெர்மனில் பெண்பால். ஆகவே "அதை" என்பதற்கு "ஸீ" வருகிறது. பாலில் தவறினாலும் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். ஏணியில் மட்டும் கவனம் தேவை. "டீ லைட்டர்" என்றால் ஏணி. "டேர் லைட்டர்" என்றால் ஒரு பிரிவின் தலைவர். இரவல் கேட்பவர்கள் அதிகம் கேட்கும் பொருள்களில் ஏணியும் ஒன்று என்பதால் வகுப்பில் இதைத் தனியாகவே பழக்குகிறேன்.

"நீ" என்பதற்குரிய "டூ" என்ற சொல்லை வாணி ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை, அது நல்லது. நம்மிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருப்பதால், தம் வயதுக்காரரைக் கண்டதும் "நீர்" போல நினைத்து "டூ" போட்டுவிடுகிறார்கள். நடுப்படி அங்கே இல்லை. மூத்தவர் தாமாகச் சொல்லும்வரை "ஸீ" என்றே இருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இதில்தான் பெரிய விபத்து ஒன்று தப்பியது. வாணி எழுதிவைத்திருந்த குறிப்பில், திருப்பித் தரும் நேரம் "ஹல்ப் ஃபுன்ஃப்" என்று இருந்தது. "எத்தனை மணி?" என்று கேட்டேன். "ஐந்தரை" என்றாள். ஜெர்மனில் அது நாலரை. நாம் ஐந்து கடந்து அரை என்று எண்ணுகிறோம். அவர்கள் ஐந்தை நோக்கிப் போகும் பாதி வழி என்று எண்ணுகிறார்கள். ஆகவே அரை மணிக் கணக்கில் நம்மவர் சொல்வது எப்போதும் ஒரு மணி நேரம் பிழைக்கும். அந்த அம்மையார் நாலரைக்குக் காத்திருந்து, ஐந்தரைக்கு இவள் போய்க் கதவைத் தட்டினால், சொன்ன நேரம் தவறுபவள் என்று முதல் அறிமுகத்திலேயே பதிந்துவிடும். இவளோ சரியாக வந்ததாக நினைத்துக்கொண்டிருப்பாள். பிழை நடந்ததே தெரியாது. குரல் செய்தியில் அரை மணியை விட்டுவிட்டு, முழு மணியை இருபத்துநாலு மணிக் கணக்கில் சொல்வதுதான் பாதுகாப்பு. அதனால்தான் "ஸீப்ட்ஸேன் ஊர்", பதினேழு மணி.

கிழமையும் மாறியது. கணவன் ஞாயிறுதான் முழு நாளும் வீட்டில் இருப்பான் என்பதால் முதல் செய்தியில் ஞாயிறு என்று சொல்லியிருந்தாள். ஜெர்மனியில் ஞாயிறு அமைதி நாள். அன்று சுவரில் துளையிடுவது அயலவருக்குச் செய்யும் பெரிய தீங்கு. இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரையும் சத்தம் கூடாது. பல குடியிருப்புகளின் ஒழுங்குவிதியில் நண்பகல் ஒன்று முதல் மூன்று வரையும் ஓய்வு நேரம் என்று இருக்கும். வாணியைக் கீழே போய்ப் படிக்கட்டடியில் ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கும் ஒன்று முதல் மூன்று என்றே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ட்ரில் மெஷின் கேட்டால், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், கேட்பதே பணிவின்மையாகிவிடும். சனி காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் வேலையை முடிப்பது என்று தீர்மானித்தோம்.

பதிவு செய்யும்போது தாளைப் பார்த்து வாசிக்க வேண்டாம் என்றேன். வாசித்தால் குரல் தட்டையாகி, வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தாளில் ஐந்து சொல் மட்டும் எழுதினாள்: பெயர், மாடி, மெஷின், சனி, பதினேழு. ஒலிவாங்கியை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம், அனுப்பும் முன் போட்டுக் கேட்கவும் முடியும். கேள்வி வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு விடச் சொன்னேன். முதல் பதிவில் பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். இரண்டாவதில் "போர்" குறுகி ஒலித்தது. அந்த ஓகாரத்தை நீட்ட வேண்டும். "ரெகால்" என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், நாம் முதல் அசையில் போடுவோம். நான்காம் பதிவு நன்றாக இருந்தது. 31 விநாடி. அங்கே அப்போது ஏழு மணி ஆகவில்லை, அனுப்பலாம் என்றேன். எட்டரை ஒன்பதுக்குப் பிறகு என்றால் மறுநாளுக்கு வைத்திருப்பேன்.

பழைய செய்தியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அதற்கு விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் மறுபடியும் இரண்டு நிமிடம் ஆகிவிடும்.

பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒன்பது விநாடி. "யா, கேர்ணெ! கிளிங்கல்ன் ஸீ ஐன்ஃபாஹ் அம் ஸம்ஸ்டாக் அப் ட்ஸேன்." வாணி மகிழ்ச்சியில் அழுதுவிட்டாள். நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

ஆனால் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி கடந்து, அங்கே பத்து நாற்பது இருக்கும், அழைப்பு வந்தது. "டீச்சர், பத்து மணிக்கு அழைப்பதாகச் சொன்னார், இன்னும் அழைக்கவில்லை." நான் அந்தப் பதிலைத் திரும்பக் கேட்டேன். "கிளிங்கல்ன்" என்ற சொல்லை வகுப்பில் "தொலைபேசி ஒலிக்கிறது" என்ற வாக்கியத்தில்தான் படித்திருக்கிறாள். இங்கே அது கதவு மணி. "சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு வந்து மணியை அடியுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். "அப் ட்ஸேன்" என்றால் பத்திலிருந்து எப்போதும் என்று பொருள். சரியாகப் பத்துக்கு என்றால் "உம் ட்ஸேன்" என்றிருப்பார். ஆகவே இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "உடனே மேலே போ" என்றேன்.

நாங்கள் கேட்கும் பகுதியில் இவ்வளவு கவனமெடுத்து, வரும் பதிலை விளங்கிக்கொள்ளும் பகுதியை விட்டுவிட்டோம். பரீட்சையிலும் தொலைபேசிச் செய்திகளைக் கேட்டு விடை எழுதும் பாகம் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓடவிடுவார்கள். வாணி ஒருமுறைதான் கேட்டிருந்தாள். இப்போது மாணவிகளுக்கு நான் சொல்வது, பதில் வந்ததும் இருமுறை கேட்டு, யார், எங்கே, எப்போது என்ற மூன்றையும் தாளில் எழுதிவிட்டு, விளங்கியதைத் திருப்பிச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட வேண்டும் என்பது. "நன்றி. சனிக்கிழமை பத்தரைக்குள் நான் மேலே வந்து மணி அடிக்கிறேன்" என்று அனுப்பியிருந்தால், பிழை இருந்தாலும் அவரே திருத்தியிருப்பார். இதை மட்டும் குரலில் அனுப்பாமல் எழுத்தில் அனுப்புவது நல்லது. நேரத்தை 10:30 என்று இலக்கத்தில் போட்டால் "ஹல்ப்" சிக்கலும் வராது.

ஷ்மிட் அம்மையார் மெஷினைப் பெட்டியோடு கொடுத்தார். "பெடோன்" என்று கேட்டிருந்ததால் கொங்கிறீட்டுக்குரிய துளைநுனிகளையும் எடுத்துவைத்திருந்தார். அவர்களிடம் இருந்த பிளாஸ்டிக் ஆப்பு ஆறு மில்லிமீற்றர். நுனியும் ஆறு மில்லிமீற்றர்தான் என்று அவரே பார்த்துப் பொருத்திக் கொடுத்தார். மின்செருகிக்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் நேர் பக்கத்திலும் துளைக்க வேண்டாம், கம்பி அந்த வழியாகத்தான் போகும் என்று கையால் சுவரில் கோடு போட்டுக் காட்டினாராம். நான்கு துளை, பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது.

ஐந்து மணிக்கு முன் மெஷினின் தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, நுனிகளைப் பெட்டியில் இருந்த அதே வரிசையில் வைத்தாள். நம்மூரில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அம்மா அலவாங்கைத் திருப்பும்போதுகூட இரண்டு தேங்காயோ ஒரு பிடி முருங்கைக்காயோ கொண்டுபோவார். வாணி பயற்றம் பணியாரம் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். தாராளமாக, ஆனால் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம், என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லிக் கொடு என்றேன். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு, வாங்கி வைத்துவிட்டு உண்ணாமல் விடுவார்கள். பயறு, தேங்காய், சர்க்கரை, மிளகு, ஏலக்காய் என்ற ஐந்து சொல்லையும், "ஓனெ நுஸ்ஸெ", கொட்டை வகை இல்லை, என்பதையும் பாடமாக்கிக்கொண்டு போனாள். சரியாக ஐந்து மணிக்கு மணி அடித்தாள். மிளகு சேர்ந்த இனிப்பா என்று அவர் இரண்டு முறை கேட்டாராம்.

அந்த இரண்டு பதிவுகளையும், வாணியின் அனுமதியோடு, புதிய வகுப்புகளில் போட்டுக் காட்டுகிறேன். முதலாவதைக் கேட்கும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அது அவர்களுக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. ட்ரில் மெஷின் எந்த விநாடியில் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லும்போதுதான் முகம் மாறும்.

சித்திரையில் வாணி இன்னொரு பதிவை அனுப்பினாள். பதினொரு விநாடி, ஷ்மிட் அம்மையாருடைய குரல். நாளை தமக்கு ஒரு பார்சல் வரும், தாம் வீட்டில் இருக்கமாட்டார், வாங்கி வைக்கக்கூடியதாக இருக்குமோ என்று கேட்கிறார். "கொன்டன் ஸீ ஃபிலைஹ்ட்" என்றுதான் தொடங்குகிறார். கீழே வாணி ஒரு வரி எழுதியிருந்தாள்: "டீச்சர், பார்சல் எந்தப் பால்? பதில் சொல்ல வேண்டும்."

"டஸ் பகேட்" என்று எழுதி அனுப்பினேன்.